கரண்ட் வந்தும் எழும்பாத ரிவி: விசுவமடு வீடொன்றில் பார்த்த நிகழ்வு

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், விசுவமடுப் பக்கத்து வீடொன்றில் இருந்த 24 அங்குல எல்ஈடி ரிவியைப் பற்றியது இது. சுவரில் வரும் 230 வோல்ற் இந்த ரிவிக்குள் நேராகப் போவதில்லை. மடிக்கணினிக்கு இருப்பது போல வெளியே ஒரு கறுப்பு அடப்டர் உண்டு. அதன் முதுகில் 12 வோல்ற், 3 அம்பியர் என்று எழுதியிருந்தது. வன்னியில் இந்த வகை ரிவி நிறைய வீடுகளில் இருக்கிறது. சோலார் பற்றரியிலும் ஓட்டலாம் என்பதற்காகவே இதைத் தேடி வாங்கினவர்களும் உண்டு.

மாரி மழையோடு காற்றும் அடித்த ஒரு பின்னேரம் கரண்ட் போனது. ஒரு நிமிசம் வந்தது, திரும்பப் போனது. அப்படி வந்து வந்து போய், கடைசியில் இரவு முழுக்க இல்லாமல் போய்விட்டது. லைன் கம்பியில் மரக்கொப்பு உரசும்போது நடப்பது இதுதான். பல இடங்களில் லைனைக் காக்கும் சுவிச் தானாக விட்டு, சில வினாடியில் தானாகச் சேர்ந்து பார்க்கும். பழுது அங்கேயே இருந்தால் திரும்ப விடும். வீட்டில் இருக்கிறவருக்கு அது லைற் மின்னி அணைவதாகத் தெரியும். காலையில் கரண்ட் வந்து நிலைத்தது. லைற் எரிந்தது, ஃபேன் சுற்றியது, பிறிட்ஜ் ஓடியது. ரிவி மட்டும் செத்ததுபோல் கிடந்தது. கீழ் விளிம்பில் எப்போதும் எரிகிற சின்னச் சிவப்பு லைற்கூட இல்லை.

"தம்பி, போட் அடிச்சுப் போச்சு, புதுசு வாங்கிறதுதான் வழியெண்டு சொல்லினம். நீங்களும் ஒருக்காப் பாருங்கோ" என்று வீட்டுக்கார அக்கா கூப்பிட்டிருந்தார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. மின்வெட்டுக்குப் பிறகு செத்துக் கிடக்கும் ரிவியைப் பார்த்தவுடன் போட் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. போட் என்பது ரிவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை. அது போவதும் உண்டுதான். ஆனால் போட்டைக் குற்றம் சொல்ல முதல் அதற்கு முன்னால் இருக்கிற நாலு இடத்தையும் பார்க்க வேண்டும்: சுவரில் உள்ள பிளக் பொயின்ற், பிளக்கின் பியூஸ், ரிவிக்குள் தேங்கிக் கிடக்கும் மின்னேற்றம், அடப்டர். இந்த வீட்டில் குற்றம் ஒரே இடத்தில் இருக்கவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பழுது கிடந்தன. மேலே கிடந்ததை எடுத்தபிறகுதான் கீழே கிடந்தது தெரிந்தது.

வேலையைத் தொடங்க முதல் அக்காவிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "முந்தியும் கரண்ட் போய் வந்தா ரிவி உடனே போட்டுதோ?"

"இல்லைத் தம்பி, கொஞ்ச நாளாக் கரண்ட் வந்தாப் பிறகு சுணங்கித்தான் வரும். பிளக்கைப் போட்டு விட்டிட்டு, சமையல் வேலை முடிச்சு வந்து பார்த்தா வரும். இந்த முறைதான் வரவேயில்லை."

இந்தப் பதில் அன்று வோல்ற் அளக்கும் மீற்றர் காட்டிய எந்த எண்ணையும்விடப் பெறுமதியானது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பிளக்கும் பியூசும்

ரிவி செருகியிருந்த அதே பொயின்ற்றில், அதே நீட்டு வயரின் அதே ஓட்டையில், மேசை லைற் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். எரிந்தது. பக்கத்து ஓட்டையில் பார்த்தால் போதாது. நீட்டு வயர்ப் பெட்டிகளில் ஓர் ஓட்டையின் தகடு மட்டும் தளர்ந்தோ கருகியோ இருப்பது சாதாரணம். போன் சார்ஜரைவிட லைற் நல்லது. சார்ஜர் மிகக் குறைந்த வோல்ற்றிலும் வேலை செய்துவிடும், அதனால் கரண்ட் மெலிந்து வருவது தெரியாது. பழைய குண்டு பல்ப் கிடைத்தால் இன்னும் நல்லது, வோல்ற் குறைந்தால் அது மங்கிக் காட்டும். பிறகு மீற்றரை வைத்தபோது 228 வோல்ற் காட்டியது. அந்தப் பக்கம் குறை இல்லை.

அடப்டரின் வயர் சதுரக் கால் மூன்றுள்ள 13 அம்பியர் பிளக்கில் முடிந்தது. இந்த வகைப் பிளக்குக்குள் ஒரு பியூஸ் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சிலதில் கால்களுக்கு நடுவே சின்ன மூடியை நெம்பினால் வெளியே வரும், சிலதில் பிளக்கையே திருகி கழற்ற வேண்டும். வெள்ளைப் பீங்கான் உடம்பு, இரண்டு பக்கமும் உலோகத் தொப்பி. கண்ணாடி இல்லாததால் உள்ளே கம்பி அறுந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாது. மீற்றரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து இரண்டு தொப்பியையும் தொட்டால், நல்ல பியூஸ் கீச்சென்று சொல்லும். மீற்றர் இல்லாவிட்டால், பழுதில்லாத வேறொரு சாமானின் பிளக்கைப் பொயின்ற்றில் இருந்து கழற்றி, அதன் பியூசை இதில் போட்டுப் பார்க்கலாம்.

இங்கே பியூஸ் நல்லதாக இருந்தது. ஆனால் அது 13 அம்பியர் பியூஸ். இந்த அடப்டர் சுவரில் இருந்து ஓர் அம்பியர்கூட இழுக்காது, 3 அம்பியர் பியூஸ் தாராளம். கடைகளில் 13 தான் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் எல்லாப் பிளக்கிலும் அதுவே போய்விடுகிறது. மெல்லிய வயர் ஒன்று எங்காவது நசிந்து ஒட்டிக்கொண்டால், 13 அம்பியர் பியூஸ் அறுவதற்குள் வயர் சூடேறி உருகத் தொடங்கிவிடும். அன்றே 3 அம்பியர் ஒன்றை மாற்றிப் போட்டேன்.

பியூஸ் அறுந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். புதியது ஒன்றை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம். பியூசும் முதுமையில் சோர்ந்து அறும். போட்ட உடனேயே அதுவும் அறுந்தால் அடப்டருக்குள் ஏதோ ஒன்று நேராகச் சேர்ந்துவிட்டது என்று பொருள். கரண்ட் திரும்ப வரும்போது வோல்ற் எகிறினால், அதைத் தான் வாங்கிக்கொள்வதற்கென்று உள்ளே வைத்திருக்கும் சின்ன வில்லை ஒன்று, பெயர் வரிஸ்ரர், வெடித்து இப்படிச் சேர்ந்துவிடுவது உண்டு. அந்த நிலையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே கூடாது. பியூஸ் அறுந்து காப்பாற்றியதை அந்தத் தாள் நெருப்பாக மாற்றும்.

தேங்கிய மின்னேற்றத்தை வடியவிடுதல்

பொயின்ற்றும் பியூசும் சரி, ஆனால் சிவப்பு லைற் இல்லை. இந்த இடத்தில் எதையும் திறக்காமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. செலவும் இல்லை.

ரிவியை றிமோட்டால் நிற்பாட்டினாலும் அது முழுதாக நிற்பதில்லை. உள்ளே ஒரு சின்னப் பகுதி விழித்திருந்து றிமோட்டைக் காத்துக்கொண்டிருக்கும். ஸ்ராண்ட்பை என்பது அதுதான், சிவப்பு லைற் அதன் அடையாளம். கரண்ட் ஒரேயடியாகப் போய் நெடுநேரம் கழித்து ஒரேயடியாக வந்தால் அந்தப் பகுதி முழுதாக அணைந்து, முதலில் இருந்து ஒழுங்காகத் தொடங்கும். வந்து வந்து போனால்தான் சிக்கல். மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உறுப்புகள்தான் கப்பாசிற்றர்கள். கரண்ட் போனவுடன் அவற்றில் இருக்கும் மின்னேற்றம் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். அது பாதி இறங்கின நேரத்தில் கரண்ட் திரும்ப வந்தால், கட்டுப்படுத்தும் சிப் அணையவும் இல்லை, ஒழுங்காக ஓடவும் இல்லை என்ற நிலையில் மாட்டிக்கொள்ளலாம். அடப்டருக்குள்ளும் இதே கதை நடக்கலாம். எகிறின வோல்ற்றைக் கண்டு பாதுகாப்புக்காகத் தன்னைப் பூட்டிக்கொள்ளும் வகைச் சிப்புகள், உள்ளே உள்ள மின்னேற்றம் முழுக்க வடியும்வரை அந்தப் பூட்டைத் திறக்காது.

சரி, இந்த வீட்டில் இரவு முழுக்கக் கரண்ட் இல்லையே, அதற்குள் வடிந்திருக்காதா என்று கேட்கலாம். நானும் அதைத்தான் யோசித்தேன். காலையில் கரண்ட் வந்தபோது எப்படி வந்தது என்று கேட்டதும் விளங்கியது. காலையிலும் அது இரண்டு தரம் மின்னி அணைந்துதான் நிலைத்திருக்கிறது. பிளக் இரவு முழுக்கப் பொயின்ற்றிலேயே, சுவிச் போட்டபடியே இருந்திருக்கிறது.

வடியவிடும் முறை இதுதான். முதலில் சுவரில் சுவிச்சை நிற்பாட்டி அடப்டரைப் பொயின்ற்றில் இருந்து கழற்ற வேண்டும். பிறகு அடப்டரின் மற்ற முனையை ரிவியில் இருந்தும் கழற்ற வேண்டும், ஏனென்றால் இரண்டும் தனித்தனியே வடிய வேண்டும். அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டிஷ் பெட்டியின் எச்டிஎம்ஐ வயர், அன்ரெனா வயர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எச்டிஎம்ஐ வயரில் படமும் சத்தமும் மட்டும் வருவதில்லை. அந்தப் பெட்டியில் இருந்து 5 வோல்ற்றும் வருகிறது. அது மிகச் சிறியதுதான். ஆனால் ரிவியின் சிப்பை முழுதாக அணைய விடாமல் வைத்திருக்கச் சில நேரம் அது போதும். இதை விட்டுவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்தும் பலன் கிடைக்காதவர்கள் உண்டு.

எல்லாம் கழன்றபிறகு ரிவியின் உடம்பில் உள்ள பொத்தானை, றிமோட்டில் உள்ளதை அல்ல, அரை நிமிசம் அமத்திப் பிடிக்க வேண்டும். பல ரிவிகளில் அது கீழ் விளிம்பின் நடுவில், கைக்கு மட்டும் தட்டுப்படும்படி ஒளிந்திருக்கும். இந்த அமத்தலுக்கு ஏதோ மந்திரம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இன்றைய ரிவிகளில் அந்தப் பொத்தான் கரண்டை வெட்டும் சுவிச் அல்ல. எழும்பு என்று சிப்புக்குச் சொல்லும் சைகை மட்டும்தான். அமத்தும்போது சிப் எழும்பப் பார்க்கும், அந்த முயற்சியில் மிச்சமுள்ள மின்னேற்றம் வேகமாகச் செலவாகும். சிப் மாட்டிக்கொண்டு கிடந்தால் பொத்தானை அமத்தியும் ஒன்றும் நடக்காது. அப்போது வேலை செய்வது காத்திருப்புத்தான். அதனால் அரை நிமிசம் அமத்திவிட்டு உடனே செருகுவதைவிட, பத்து நிமிசமாவது சும்மா விடுவதே முக்கியம். நான் கால் மணித்தியாலம் விடுவேன்.

பிறகு செருகும் ஒழுங்கும் இருக்கிறது. முதலில் அடப்டரைத் தனியே பொயின்ற்றில் போட்டு, சில வினாடி கழித்து ரிவியில் செருக வேண்டும். டிஷ் பெட்டியை இப்போது தொட வேண்டாம்.

செருகினதும் சிவப்பு லைற் வந்தது. அக்காவின் மகன் கைதட்டினான். றிமோட்டை அமத்தினேன். சிவப்பு அணைந்தது, திரையில் ஒரு கணம் பின்வெளிச்சம் எட்டிப் பார்த்தது, உடனே எல்லாம் இருண்டு சிவப்பு லைற் திரும்ப வந்தது. மறுபடி அமத்தினாலும் அதே கதை.

வடியவிட்டது பலிக்கவில்லை என்று இந்த இடத்தில் நினைத்துவிடக் கூடாது. அது தன் வேலையைச் செய்துவிட்டது. மாட்டிக்கொண்டிருந்த சிப் விடுபட்டு, றிமோட்டின் பேச்சைக் கேட்கிறது. எழும்பவும் முயல்கிறது. எழும்பும் அந்த நொடியில் வேண்டிய பலம் மட்டும் கிடைக்கவில்லை. சிவப்பு லைற் எரிய அரை வாற்றுக்கும் குறைவாகவே போதும். திரையின் பின்வெளிச்சமும் ஒலியும் படமும் சேர்ந்து எழும்பும்போது இந்த அளவு ரிவிக்கு இருபது முப்பது வாற் வேண்டும். குறைந்ததைக் கொடுத்து, கூடியதைக் கேட்டவுடன் படுத்துவிடுகிற ஒன்று இருக்கிறதென்றால் சந்தேகம் அடப்டர் மேல்தான் முதலில் விழ வேண்டும்.

சும்மா அளந்தால் நல்லது, சுமை வைத்தால் கெட்டது

அடப்டரை ரிவியில் இருந்து கழற்றி, பொயின்ற்றில் போட்டபடி அதன் வெளிமுனையை அளந்தேன். மீற்றரை டிசி 20 வோல்ற் நிலையில் வைத்து, சிவப்பு ஊசியை முனையின் நடு ஓட்டைக்குள்ளும் கறுப்பை வெளிச் சுற்றிலும் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. 12.1 வோல்ற் காட்டியது, அசையாமல் நின்றது.

பலர் இந்த இடத்தில் அடப்டருக்கு நற்சான்று கொடுத்துவிட்டு, போட்டின் மேல் பழியைப் போடுகிறார்கள். ஒரு சுமையும் இல்லாமல் அளக்கும் வோல்ற் அடப்டரின் உடல்நிலையைச் சொல்லாது. அது இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். சும்மா நிற்கிற மாட்டைப் பார்த்து அது வண்டி இழுக்குமா என்று சொல்ல முடியாது, நுகத்தில் பூட்டிப் பார்க்க வேண்டும்.

சுமைக்கு நான் கொண்டுபோவது மோட்டார்சைக்கிள் சிக்னல் பல்ப், 12 வோல்ற் 10 வாற். எந்த வாகனச் சாமான் கடையிலும் கிடைக்கும். ஒன்று ஏறத்தாழ 0.8 அம்பியர் இழுக்கும், இரண்டைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 1.6 வரும். 3 அம்பியர் அடப்டர் ஒன்று இந்த இரண்டையும் வியர்க்காமல் தாங்க வேண்டும். ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும் பல்ப் முதல் கணத்தில் தன் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதனால் நல்ல அடப்டர்கூட ஒரு கணம் தடுமாறி, பிறகு நிலைக்கலாம். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சில வினாடி கழித்தும் பல்ப் நிலையாக எரிகிறதா, வோல்ற் 12க்குக் கிட்ட நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு பல்ப் போட்டதும் அது மங்கலாக எரிந்தது, மீற்றர் 9க்கும் 10க்கும் நடுவில் ஆடியது. இரண்டாவதைச் சேர்த்ததும் பல்புகள் மின்னத் தொடங்கின. அடப்டருக்குள் இருந்து மெல்லிய டிக் டிக் சத்தம் வந்தது. தொடங்குகிறது, தாங்க முடியாமல் விடுகிறது, திரும்பத் தொடங்குகிறது. அந்தச் சத்தம் அதுதான்.

ரிவி நல்லதா என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் வேண்டும். முற்றத்தில் நின்ற உழவு மெசினின் பற்றரி அதற்கு உதவியது. ரிவியின் முதுகில் 12 வோல்ற் என்றும், முனையின் நடு நேர், வெளி மறை என்றும் படம் இருந்ததால் மட்டும்தான் இதைச் செய்தேன். எஞ்சின் ஓடாமல் ஓய்ந்திருக்கும் பற்றரியில் 12.6 வோல்ற் அளவு இருக்கும், அது இந்த ரிவிக்குப் பரவாயில்லை. எஞ்சின் ஓடும்போதோ சார்ஜ் ஏறும்போதோ 14க்கு மேல் போகும், அப்போது கொடுக்கவே கூடாது. நேர்ப்பக்க வயரில் வாகனங்களுக்குப் போடும் 5 அம்பியர் பியூஸ் ஒன்றை இடையில் வைத்து, நேர் மறை மாறாமல் இரண்டு தரம் பார்த்து, பிறகுதான் செருகினேன். றிமோட்டை அமத்தியதும் ரிவி எழும்பியது. டிஷ் பெட்டி கழன்றிருந்ததால் சிக்னல் இல்லை என்று நீலத் திரையில் எழுதிக்கொண்டு நின்றது. போட்டில் ஒரு குறையும் இல்லை.

19 வோல்ற் அல்லது வேறு வோல்ற் எழுதியிருக்கும் ரிவிகளுக்கு இந்தப் பற்றரிச் சோதனை பொருந்தாது. 230 வோல்ற் நேரே உள்ளே போகும் பெரிய ரிவிகளுக்கும் பொருந்தாது.

நேற்று வரை ஓடியது எப்படி?

அடப்டர் கெட்டது என்றால் முதல்நாள் பின்னேரம் வரை ரிவி எப்படி ஓடியது? அக்கா கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேலை முடியாது.

அடப்டரைத் திறந்து பார்த்தேன். இதை மற்றவர்கள் செய்ய வேண்டாம். உள்ளே உள்ள பெரிய கப்பாசிற்றரில், பிளக்கைக் கழற்றினபிறகும் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அதை முறையாக வடித்துவிட்டுத்தான் கை வைத்தேன். வெளிப்பக்கத்துக்கு 12 வோல்ற்றைச் சமனாக்கிக் கொடுக்கும் கப்பாசிற்றர்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 16 வோல்ற் 1000 மைக்ரோபரட். ஒன்றின் தலைத்தகடு மேலே உப்பியிருந்தது, மற்றது பார்வைக்கு நல்லது, அளந்தபோது அதுவும் சோர்ந்திருந்தது.

இந்தக் கப்பாசிற்றர்களுக்குள் ஒரு திரவம் உண்டு. ஆண்டுக்கணக்காகச் சூட்டில் கிடந்தால் அது மெல்ல வற்றும். வற்ற வற்ற அதன் உட்தடை கூடும், சுமை வந்ததும் வோல்ற் விழும். இங்கேதான் மின்வெட்டின் பங்கு வருகிறது. அந்தத் தடை சூட்டில் குறையும், குளிரில் கூடும். எந்நேரமும் பொயின்ற்றில் கிடந்த அடப்டர் உள்ளே வெதுவெதுப்பாகவே இருந்ததால், வற்றின கப்பாசிற்றரும் எப்படியோ சமாளித்தது. மாரி இரவில் கரண்ட் இல்லாமல் அது முழுக்கக் குளிர்ந்தது. காலையில் குளிர்ந்த உடம்போடு, ரிவி எழும்பும் நேரத்துப் பெரிய சுமையைத் தூக்கச் சொன்னபோது முடியவில்லை.

அக்கா முதலில் சொன்னதை இப்போது திரும்ப யோசியுங்கள். கரண்ட் வந்தபிறகு சுணங்கித்தான் வரும், சமையல் முடிச்சு வந்து பார்த்தா வரும். அந்தச் சுணக்கம் அடப்டர் சூடாகத் தேவைப்பட்ட நேரம். கொஞ்ச நாளாகவே அது தன் நோயைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. முதல்நாள் மின்வெட்டு அதைக் கெடுக்கவில்லை, கெட்டிருந்ததை வெளியே கொண்டுவந்தது. வந்து வந்து போன கரண்ட் ரிவியின் சிப்பையும் மாட்ட வைத்ததால், இரண்டும் சேர்ந்து போட் செத்துவிட்டது போன்ற தோற்றத்தைக் கொடுத்தன.

மின்வெட்டுக்குப் பிறகு ரிவி எழும்ப எடுக்கும் நேரம் நாளுக்கு நாள் நீளுகிறதென்றால் அது கப்பாசிற்றர் வற்றுவதன் அடையாளம். பெரிய ரிவிகளிலும் இதே அடையாளம் இருக்கும், அங்கே கப்பாசிற்றர்கள் ரிவிக்குள் உள்ள பவர் போட்டில் இருக்கும். நேற்றுவரை உடனே எழும்பிய ரிவி ஒரே இரவில் முழுக்கச் செத்து, பியூசும் அறுந்திருந்தால் அது பெரும்பாலும் வோல்ற் எகிறிய அடி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

புது அடப்டர் வாங்கும்போது

கப்பாசிற்றர் இரண்டையும் மாற்றியிருக்கலாம். விலையும் சொற்பம். ஆனால் ஒட்டிப் பூட்டிய அடப்டரைப் பிளந்து திரும்ப ஒட்டினால் அதன் காப்பு முந்தியதுபோல் இருக்காது, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. புதியது வாங்கச் சொன்னேன்.

நான் போவதற்கு முதலே அந்த வீட்டில் இன்னொன்று நடந்திருந்தது. இன்டர்நெற் ரவுட்டரின் அடப்டரை மகன் ரிவியில் செருகிப் பார்த்திருக்கிறான். அதிலும் 12 வோல்ற் என்று எழுதியிருந்தது, முனையும் சரியாகப் பொருந்தியது. அப்போது சிப் மாட்டிக்கிடந்ததால் ஒன்றும் வரவில்லை, அதை வைத்தும் போட் போனது என்று முடிவு கட்டியிருந்தார்கள். சிப் நல்ல நிலையில் இருந்திருந்தாலும் அந்த அடப்டர் உதவியிராது. அது 1 அம்பியர்தான். சிவப்பு லைற்றை எரித்துக் காட்டும், ரிவியை எழுப்பாது. வோல்ற் அதேயாக இருக்க வேண்டும், அம்பியர் அதேயாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 3 அம்பியர் கேட்கும் ரிவிக்கு 5 அம்பியர் அடப்டர் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, ரிவி தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். 12 வோல்ற் ரிவிக்கு மடிக்கணினியின் 19 வோல்ற் அடப்டரைச் செருகினால், அதன்பிறகு போட் உண்மையாகவே போய்விடும்.

முனையிலும் ஒரு கண் வேண்டும். வெளி விட்டம் 5.5 மில்லிமீற்றர் ஒன்றாக இருந்தாலும் நடு ஓட்டை 2.1, 2.5 என்று இரண்டு அளவில் வருகிறது. ரிவியில் 2.1 ஊசி இருக்க, 2.5 ஓட்டை உள்ள முனையைச் செருகினால் உள்ளே போகும், ஆனால் ஊசியைப் பிடிக்காமல் ஆடும். வயரை அசைத்தால் ரிவி அணைந்து வரும், நாளடைவில் அந்த இடம் சூடேறிக் கருகும். கடைக்குப் போகும்போது பழைய அடப்டரையே கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பது நல்லது.

கிளிநொச்சியில் வாங்கிவந்த 12 வோல்ற் 3 அம்பியர் அடப்டரைப் பல்புகளில் பூட்டிப் பார்த்தேன். இரண்டு பல்புடனும் 11.9இல் அசையாமல் நின்றது. ரிவியில் செருகியதும் முதல் அமத்தலிலேயே எழும்பியது. பழைய அடப்டர் பெட்டிக்குப் பின்னால், சுவரோடு நசிந்து, தூசியும் எறும்புப் புற்றுமாகக் கிடந்த இடத்தில் புதியதை வைக்கவில்லை. காற்றுப் படும்படி மேசைக் காலோடு கட்டிவிட்டேன்.

"இனிக் கரண்ட் போனா என்ன செய்யட்டும் தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"போன உடன சுவர்ச் சுவிச்சை நிற்பாட்டுங்கோ அக்கா. வந்தாப் பிறகு உடன போடாதேங்கோ. வீட்டு லைற் அஞ்சு நிமிசம் மின்னாமல் நிண்டாப் பிறகு போடுங்கோ. மழைக்காலத்தில பத்து நிமிசம் விட்டாலும் நல்லது. எப்பவாவது சிவப்பு லைற் வராட்டி எல்லா வயரையும் கழட்டி, டிஷ் பெட்டி வயரையும் சேர்த்து, கால் மணித்தியாலம் விட்டிட்டுப் போட்டுப் பாருங்கோ. அதுக்கும் வராட்டி மட்டும் கூப்பிடுங்கோ."

அடப்டரிலும் ரிவியின் முதுகிலும் 12 வோல்ற், 3 அம்பியர், நடு நேர் என்று மார்க்கரால் பெரிதாக எழுதிவைத்தேன். ரவுட்டர் அடப்டரின் மேல் ரவுட்டர் என்று மகன் தானே எழுதினான். அந்த மாரியில் பிறகும் கரண்ட் போய் வந்தது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது கேட்டேன், சுவிச்சைப் போட்டவுடனேயே சுணக்கம் இல்லாமல் எழும்புகிறது என்றார் அக்கா.